ஸ்லைடுல 105, நோட்ஸ்ல ஒரு லட்சம்

சித்தப்பா பொண்ணு லேப் டெக்னாலஜி ரெண்டாவது வருஷம் படிக்கிறா. போன மாசம் ஒரு பவர்பாயிண்ட் ஃபைல் அனுப்பிட்டு, "அண்ணா, இத ஃபோன்ல படிக்கவே முடியல, புக்கு மாதிரி தொடர்ச்சியா படிக்கிற நோட்ஸா மாத்தித் தரீங்களா"ன்னு கேட்டா. மூத்திரப் பாதை தொற்ற லேப்புல எப்படிக் கண்டுபிடிக்கிறதுங்கிற பாடம், மொத்தம் 126 ஸ்லைடு. அவங்களுக்குப் பாடம் எடுத்த மேடம் ரிட்டயர் ஆகும்போது தன்னோட ஃபைல அப்படியே பசங்க கையில குடுத்துட்டுப் போயிருக்காங்க. ஸ்லைடுல நாலு நாலு வார்த்தையில பாயிண்ட்டு, ஆனா கீழ இருக்கிற ஸ்பீக்கர் நோட்ஸ்ல மேடம் கிளாஸ்ல என்ன பேசணும்னு பல வருஷமா எழுதி எழுதிச் சேர்த்து வச்சிருக்காங்க, பாதி இங்கிலீஷ், பாதி தமிழ இங்கிலீஷ் எழுத்துல அடிச்சது. பசங்க ஃபோன்ல ஸ்லைட மட்டும் தள்ளித் தள்ளிப் பாத்திருக்காங்க, கீழ ஒரு முழுப் பாடமே இருக்குன்னு பாதிப் பேருக்குத் தெரியல.

நான் பத்து வருஷமா மைக்ரோபயாலஜி லேப்புலதான் வேலை பாக்குறேன், பைத்தான் கொஞ்சம் வரும், அதனால ஒரு சாயங்காலத்துல முடிஞ்சுரும்னு நெனச்சு சரின்னுட்டேன். மூணு வாரம் ஆச்சு. அந்த மூணு வாரத்துல ஒரு விஷயம் மனசுல உக்காந்துடுச்சு, அதத்தான் எழுதுறேன்.

## முதல்ல ஜோடி சேர்க்கணும்

பவர்பாயிண்ட்லயே இதுக்கு ஒரு வழி இருக்கு, எக்ஸ்போர்ட்ல போயி ஹேண்ட்அவுட் உருவாக்குன்னு சொன்னா வேர்ட் ஃபைலாத் தரும். ஆனா அது தர்றது ஒரு பெரிய டேபிள். இடது பக்கம் ஸ்லைடு நம்பர், நடுவுல ஸ்லைடோட சின்னப் படம், வலது பக்கம் நோட்ஸ். ஸ்லைடு படமா இருக்கிறதால அதுல ஒரு வார்த்தையக்கூட தேட முடியாது. கண்ணு நடுவுக்கும் வலதுக்கும் 126 தடவ போயிட்டு வரணும். பக்கத்துல வச்சுப் பாக்க நல்லா இருக்கு, படிக்கிறதுக்கு ஆகாது.

அதனால ஃபைலையே பிரிச்சுப் பாத்தேன். `.pptx`ங்கிறது உண்மையில ஒரு ஜிப் ஃபைல்தான், அத விரிச்சா `ppt/slides` ஃபோல்டர்ல `slide1.xml`, `slide2.xml`னு வரிசையா இருக்கும், `ppt/notesSlides` ஃபோல்டர்ல `notesSlide1.xml`னு நோட்ஸ் தனியா இருக்கும். ரெண்டுலயும் நம்பர் இருக்கேன்னு நம்பருக்கு நம்பர் ஒட்டினேன். முதல் எட்டு ஸ்லைடு கச்சிதமா வந்துச்சு. அதுக்கப்புறம் எங்கேயோ ஏதோ சரியில்லன்னு தோணிக்கிட்டே இருந்துச்சு, ஆனா என்னன்னு பிடிபடல, ஏன்னா பாடம் ஒண்ணுதானே, எந்த நோட்ஸ எந்த ஸ்லைடுக்குக் கீழ வச்சாலும் மேலோட்டமா பொருந்துற மாதிரியே தெரியும். கடைசியா பாக்டீரியா வளக்கிற கல்ச்சர் மீடியத்தப் பத்தின ஸ்லைடுக்குக் கீழ "உடனே செய்ய முடியலன்னா ஃப்ரிட்ஜ்ல வைங்க"ன்னு மூத்திர பாட்டிலப் பத்தின வரி வந்தப்பதான் புரிஞ்சுது. ஒம்பதாவது ஸ்லைடுல நோட்ஸே இல்ல. அதனால `notesSlide9.xml` பத்தாவது ஸ்லைடோடது, இன்னும் நாலு ஸ்லைடு நோட்ஸ் இல்லாம இருந்ததால போகப் போக வழுக்கல் கூடிக்கிட்டே போயிருக்கு.

எது எதோட ஜோடிங்கிறது ஃபைல் பேர்ல இல்ல, `ppt/slides/_rels` ஃபோல்டர்ல ஒவ்வொரு ஸ்லைடுக்கும் இருக்கிற குட்டி ஃபைல்லதான் இருக்கு. ஸ்லைடுங்களோட வரிசையும் அதே மாதிரிதான், அது `presentation.xml`ல இருக்கு, ஃபைல் நம்பர நம்பக் கூடாது. இதையெல்லாம் கையால பண்ணாம `python-pptx`ங்கிற லைப்ரரியப் பிடிச்சா அது ரெண்டையும் சரியாப் பாத்துக்கும்.

```python
from pptx import Presentation
prs = Presentation("uti.pptx")
for i, s in enumerate(prs.slides, 1):
    print("##", i)
    for sh in s.shapes:
        if sh.has_text_frame:
            print(sh.text_frame.text)
    if s.has_notes_slide:
        print("NOTE:", s.notes_slide.notes_text_frame.text)
```

இதுல `has_notes_slide`னு கேக்காம நேரா `notes_slide`னு தொட்டா, நோட்ஸ் இல்லாத ஸ்லைடுக்கு அது காலியா ஒண்ண உருவாக்கிடும், அதனால அந்தக் கேள்விய விடாதீங்க. இன்னொண்ணு, ஒரு ஸ்லைடுக்குள்ள டெக்ஸ்ட் பாக்ஸ் எல்லாம் நம்ம கண்ணுக்குத் தெரியிற வரிசையில வராது, ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி வச்ச வரிசையில வரும், பெரும்பாலும் அது எது முதல்ல போட்டாங்களோ அதுதான். மேடம் கடைசியாச் சேத்த தலைப்பு கடைசியா வந்துச்சு. `top`, `left` வச்சு வரிசைப்படுத்தினா முக்கால்வாசி சரியாகும், ரெண்டு பக்கமாப் பிரிச்சு எழுதியிருக்கிற ஸ்லைடுல மட்டும் இடதும் வலதும் கலந்துரும், அத கையாலதான் பிரிச்சேன். டேபிள்ல இருக்கிறது, குரூப் பண்ணி வச்சது, ஸ்மார்ட்ஆர்ட்ல இருக்கிறது எதுவும் மேல இருக்கிற கோடுல வராது. அதனால எந்த ஸ்லைடுல தலைப்பத் தவிர ஒண்ணும் வரலையோ அதையெல்லாம் தனியா லிஸ்ட் எடுத்து, ஃபைலத் திறந்து கண்ணால பாத்தேன், இருபத்திமூணு ஸ்லைடு.

## 105

இப்ப நான் சொல்ல வந்த இடம். எல்லாம் ஒழுங்கா வந்துருச்சுன்னு நெனச்சு, முதல் பத்து பக்கத்த தங்கச்சிக்கு அனுப்பிட்டேன். மறுநாள் ராத்திரி ஃபோன். "அண்ணா, 105 காலனி இருந்தா தொற்றுன்னு போட்டிருக்கீங்க, கீழயே ஒரு லட்சம்னும் போட்டிருக்கீங்க, எத எழுதணும்?"

காலனின்னா பிளேட்ல பாக்டீரியா வளந்து கண்ணுக்குத் தெரியிற புள்ளி, அத எண்ணித்தான் ஒரு மில்லி மூத்திரத்துல எவ்வளவு பாக்டீரியான்னு கணக்குப் போடுவோம், CFU/mL-னு எழுதுறது அதத்தான். ஃபைலத் திறந்து பாத்தேன். நான் எடுத்த டெக்ஸ்ட்ல 22-வது ஸ்லைடு இப்படி இருந்துச்சு:

```
Significant bacteriuria
≥105 CFU/mL
NOTE: Kass. oru latcham. loop 1/1000 ml, so plate-la 100
```

ஸ்லைடுல மேடம் போட்டிருந்தது 10⁵. அந்த அஞ்ச மேல தூக்கிப் போட்டிருக்காங்க, அதாவது சூப்பர்ஸ்கிரிப்ட். ஃபைலுக்குள்ள அது வேற எழுத்து இல்ல, சாதாரண 5-தான், "இத மேல தூக்கிக் காட்டு"ன்னு `baseline="30000"`ங்கிற ஒரு குறிப்பு பக்கத்துல இருக்கும், அவ்வளவுதான். டெக்ஸ்ட மட்டும் எடுத்தா குறிப்பு போயிரும், பத்தும் அஞ்சும் ஒட்டிக்கிட்டு நூத்தி அஞ்சாயிரும். பாத்தா எந்தத் தப்பும் தெரியாது, எழுத்துப்பிழை கிடையாது, கட்டம் கட்டமா வர்ற குப்பை எழுத்து கிடையாது, நல்ல சுத்தமான நம்பர்.

என்ன உலுக்கினது என்னன்னா, நான் இந்த வேலையிலயே இருக்கிறவன், நானே அந்த 105-அ தாண்டிப் போயிருக்கேன். 105-னு ஒரு ரிசல்ட் எங்க பிளேட்ல வரவே வராது. நாங்க மூத்திரத்த பிளேட்ல தேய்க்கிற அளவு லூப் 0.001 மில்லி எடுக்கும், அதாவது ஒரு மில்லியில ஆயிரத்துல ஒரு பங்கு. பிளேட்ல ஒரே ஒரு காலனி வந்தாலே ஒரு மில்லிக்கு ஆயிரம்னு கணக்கு. ஆயிரத்துக்குக் கீழ எந்த நம்பரும் அந்த லூப்ல அளக்க முடியாது. நூறு காலனி வந்தா ஒரு லட்சம், அதுதான் 10⁵. இத்தனையும் தெரிஞ்சும் கண்ணு வழுக்கிடுச்சுன்னா, பரீட்சைக்கு மனப்பாடம் பண்ற பொண்ணு என்ன பண்ணுவா? 105-னு எழுதிட்டு வருவா, அத மனசுல வச்சுக்கிட்டே நாளைக்கு லேப்புல வந்து நிப்பா.

அவளக் காப்பாத்தினது கீழ இருந்த அந்த அரைகுறை நோட்ஸ் வரி. மேடம் "oru latcham"னு வாயால சொல்ற மாதிரியே அடிச்சிருந்தாங்க. அதுவரைக்கும் நான் என்ன நெனச்சிருந்தேன்னா, ஸ்லைடும் நோட்ஸும் ஒரே விஷயத்த ரெண்டு தடவ சொல்லுது, ரெண்டாவத வெட்டிட்டா தொடர்ச்சியா ஆயிரும்னு. அன்னைக்கு ராத்திரியே நெனப்பு மாறிடுச்சு. ரெண்டு இடத்துல ஒரே விஷயம் இருந்தா வெட்டுறதுக்கு முன்னாடி ரெண்டும் ஒத்துப்போகுதான்னு பாக்கணும், ஒத்துப்போன பிறகுதான் ஒண்ண எடுக்கணும். திரும்ப முதல் ஸ்லைடுலேர்ந்து ஆரம்பிச்சேன்.

முதல் வேலையா, தூக்கின எழுத்துக்கு முன்னாடி `^`, இறக்கின எழுத்துக்கு முன்னாடி `_` போடுற மாதிரி பத்தியப் படிக்கிற இடத்த மாத்தினேன். மேல இருக்கிற கோடுல `text_frame.text` வர்ற இடத்துல, ஒவ்வொரு பாராவுக்கும் இதக் கூப்பிட்டா போதும்.

```python
def para_text(p):
    out = ""
    for r in p.runs:
        rpr = r._r.rPr
        b = int(rpr.get("baseline", "0")) if rpr is not None else 0
        out += ("^" if b > 0 else "_" if b < 0 else "") + r.text
    return out
```

ஓட்டிப் பாத்தா அந்த ஃபைல்ல பதினோரு இடத்துல `^` வந்துச்சு. பத்து இடம் 10², 10³, 10⁴, 10⁵ மாதிரி. அந்தப் பத்துல நாலுக்குத்தான் நோட்ஸ்ல வாய்வார்த்தையா சொல்லியிருந்தாங்க, மிச்ச ஆறுக்கு சாட்சியே இல்ல, கோடுதான் பிடிச்சுக் குடுத்துச்சு. ஈக்வேஷன் எடிட்டர்ல போட்ட ஃபார்முலாவா இருந்தா இந்தக் கோடும் பிடிக்காது, அது மொத்தமாவே காணாமப் போகும். அதுக்கு ஒரே வழி, நோட்ஸ்ல கணக்கு பேசுறாங்க ஆனா ஸ்லைடுல கணக்கக் காணோம்னு தோணுற இடத்துல எல்லாம் ஃபைலத் திறந்து பாக்குறது.

## நோட்ஸ்தான் நூல்

ரெண்டாவது தடவ எழுதும்போது ஸ்லைட முதல்ல படிக்கிறத விட்டுட்டேன். ஒரு பகுதியோட நோட்ஸ மட்டும் வரிசையா வாய்விட்டுப் படிச்சேன். ஏன்னா காரணம் பூராவும் நோட்ஸ்லதான் இருக்கு. ஸ்லைடு "நடு மூத்திரம்"னு சொல்லும், அதாவது முதல்ல வர்றத விட்டுட்டு நடுவுல வர்றதப் பிடிக்கிறது, ஏன் நடுங்கிறத நோட்ஸ்தான் சொல்லும். ஸ்லைடு தர்றது பேரு, நம்பர், வெப்பநிலை, இதெல்லாம். அதனால நோட்ஸ நூலா வச்சுக்கிட்டு ஸ்லைடுல இருக்கிறத அங்கங்க கோத்தேன்.

நோட்ஸ்ல பாதி கிளாஸ் நடத்துறதுக்கான குறிப்பு. "இங்க நிறுத்து", "அடுத்த கிளிக்", "போன வருஷம் இந்த இடத்துல டைம் பத்தல". இதெல்லாம் போகட்டும். ஆனா "பசங்கள கேளு: ஏன் முதல்ல வர்றத பிடிக்கக் கூடாது?"ன்னு இருந்த மாதிரி கேள்விகள நான் எடுக்கல. மேடம் கிளாஸ்ல பசங்க எங்க தடுமாறுவாங்கன்னு பாத்துப் பாத்து வச்ச கேள்வி அதெல்லாம், அதையே பத்தியோட முதல் வரியா வச்சேன்.

31-லேர்ந்து 36 வரைக்கும் ஒரே படம், ஒவ்வொரு ஸ்லைடுலயும் ஒரு லேபிள் கூடிக்கிட்டே போகும், கிளாஸ்ல ஒவ்வொண்ணா காட்டுறதுக்கு. ஸ்லைடு டெக்ஸ்ட்ல கடைசி ஒண்ண மட்டும் எடுத்தா போதும், ஆனா நோட்ஸ ஆறையும் எடுக்கணும், ஒவ்வொண்ணுலயும் வேற வேற பேச்சு. கடைசி ஸ்லைடுல உண்மையிலேயே எல்லா லேபிளும் இருக்கான்னும் பாக்கணும், இதுல 34-ல இருந்த ஒண்ண 35-ல எடுத்துட்டாங்க.

அப்புறம் "இது", "இங்க", "அந்தப் பக்கம்". கிளாஸ்ல கைய நீட்டிச் சொல்றது, பேப்பர்ல வந்தா எதுங்கிறதே தெரியாது. 38-வது ஸ்லைடு வெறும் பிளேட் ஃபோட்டோ, நோட்ஸ்ல "இது மஞ்சள், லாக்டோஸ் சாப்பிடுது, அது சாப்பிடல"ன்னு மட்டும் இருந்துச்சு. சுட்டு வார்த்தை எல்லாத்தையும் தேடி எடுத்து, ஒவ்வொண்ணுக்கும் பேர் வச்சேன். இந்த இடத்துல "கிளெட் பிளேட்ல லாக்டோஸ நொதிக்க வைக்கிற ஈ கோலை மஞ்சள் காலனியா வரும், நொதிக்க வைக்காதது நீலப் பச்சையா நிக்கும்"னு எழுதி, ஃபோட்டோவையும் பக்கத்துலயே வச்சேன்.

ரொம்ப நேரம் பிடிச்சது இணைப்பு. ஒரு ஸ்லைடு முடிஞ்சு அடுத்தது ஏன் வருதுங்கிறது ஸ்லைடுலயும் இல்ல, நோட்ஸ்லயும் இல்ல, மேடம் நடந்துக்கிட்டே வாயால சொல்லியிருப்பாங்க. தலைப்பு வச்சுப் பிரிக்கலாம்னு பாத்தா பதினேழு ஸ்லைடுக்கு "Contd."னுதான் தலைப்பு. கடைசியா ஒரு நோட்ஸ்ல "இப்ப பாட்டில் லேப்புக்கு வந்துடுச்சு"ன்னு ஒரு வரி இருந்துச்சு, அதப் பிடிச்சுக்கிட்டேன். மொத்தப் பாடமும் ஒரு பாட்டிலோட பயணம்தான், நோயாளி, பாட்டில், பிளேட், எண்ணிக்கை, ரிப்போர்ட். 126 ஸ்லைடும் ஒம்பது தலைப்புக்குள்ள உக்காந்துச்சு.

அந்த 105 இருந்த இடம் கடைசியா எப்படி வந்துச்சுன்னு காட்டுறேன், 20-லேர்ந்து 22 வரைக்கும் மூணு ஸ்லைடும் அதோட நோட்ஸும் சேந்தது:

"பாட்டில் லேப்புக்கு வந்ததும் முதல் கேள்வி, இது எப்ப எடுத்தது? ரெண்டு மணி நேரத்துக்கு மேல வெளிய இருந்தா பாக்டீரியா பாட்டில்லயே பெருகிடும், அப்புறம் நாம எண்ணுறது நோயாளி உடம்புல இருந்தத இல்ல. உடனே செய்ய முடியலன்னா 4 டிகிரியில ஃப்ரிட்ஜ்ல வைக்கணும், அதுவும் 24 மணி நேரத்துக்குள்ள. [20] பிளேட்ல தேய்க்கிற லூப் 0.001 மில்லி எடுக்கும், அதனால காலனிய எண்ணி ஆயிரத்தால பெருக்கணும். [21] நூறு காலனின்னா ஒரு மில்லிக்கு ஒரு லட்சம், 10⁵. நடு மூத்திரத்துல இந்த அளவு இருந்தா அது வழியில ஒட்டிக்கிட்டு வந்த அழுக்கா இருக்க வாய்ப்பு கம்மி, உண்மையான தொற்றா இருக்க வாய்ப்பு ஜாஸ்தின்னு 1950-கள்ல அமெரிக்காவுல எட்வர்ட் காஸ் காட்டினார். [22]"

ஒவ்வொரு துண்டுக்கும் கடைசியில ஸ்லைடு நம்பரப் போட்டது எனக்காகத்தான் ஆரம்பிச்சேன், எங்கேர்ந்து வந்துச்சுன்னு திரும்பிப் பாக்க. தங்கச்சி அத எடுக்க வேணாம்னுட்டா, சந்தேகம் வந்தா நேரா அந்த ஸ்லைடுக்குப் போயிடலாம்னு.

## 27-வது ஸ்லைடு

105-க்கு அப்புறம் நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன், ரெண்டும் முட்டிக்கிட்டா நோட்ஸத்தான் நம்பணும்னு. 27-வது ஸ்லைடுல அது உடைஞ்சுது. நோட்ஸ்ல, ஒரு லட்சத்துக்குக் கீழ வந்தா கண்டுக்க வேணாம்னு தெளிவா எழுதியிருந்துச்சு. ஸ்லைடுல, மூத்திர எரிச்சலோட வர்ற பெண்களுக்கு 10²-ஏ போதும்னு போட்டு, ஓரத்துல 1982-னு இருந்துச்சு. இந்தத் தடவ `^` ஒழுங்கா வந்திருக்கு, நம்பர் கெடல. உண்மையிலேயே ரெண்டும் வேற வேற சொல்லுது.

1982-ல ஸ்டாமும் அவரோட கூட இருந்தவங்களும் பண்ண ஆய்வு எனக்குத் தெரியும், திடீர்னு எரிச்சல் வந்த பெண்கள்ல ஈ கோலை மாதிரி கோலிஃபார்ம் பாக்டீரியா 10² அளவு இருந்தாலே தொற்றா எடுத்துக்கலாம்னு சொன்னது. ஸ்லைடுதான் சரின்னு எனக்குப் பட்டுச்சு, ஆனா பாடம் என்னோடது இல்லையே. தங்கச்சிகிட்ட நம்பர் வாங்கி மேடத்துக்கே ஃபோன் போட்டேன்.

"மேடம், 27-ல நோட்ஸ எடுக்கவா, ஸ்லைட எடுக்கவா?"

கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. "ஸ்லைடு தம்பி. அது பின்னாடி மாத்துனது. கீழ இருக்கிறது நான் முத வருஷம் எழுதுனது, கிளாஸ்ல அத பாத்துப் பேசறத நிறுத்தி ரொம்ப வருஷம் ஆச்சு, மாத்தணும்னே தோணல." அப்புறம் அவங்களே, "ஆனா பசங்ககிட்ட ஒண்ணு சொல்லுங்க, நம்ம 0.001 லூப்ல நூறெல்லாம் தெரியாது, அதுக்கு பெரிய லூப் வேணும். அத நான் ஸ்லைடுலயும் போடல, நோட்ஸ்லயும் போடல, வாயாலதான் சொல்வேன்"ன்னாங்க.

ஃபோன வச்ச உடனே அந்த வரியச் சேத்தேன். அதுக்கு மட்டும் ஸ்லைடு நம்பர் கிடையாது, அடைப்புக்குள்ள "மேடம் ஃபோன்ல சொன்னது"ன்னு போட்டிருக்கேன்.